ரீசைக்கிள் பின்: மறுசுழற்சித் தொட்டியா, குப்பைத்தொட்டியா?

கணினியில் டெலீட் செய்த கோப்புகள் போய்ச் சேரும் தொட்டிக்கு, 1983இல் வந்த ஆப்பிள் லிசாவில் வேஸ்ட்பாஸ்கெட் என்று பெயர். மறு ஆண்டே மேக்கின்டாஷில் டிராஷ் ஆனது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95இல் ரீசைக்கிள் பின் என்று வைத்தது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதுதான் மறுசுழற்சித் தொட்டி.

எனக்குப் பிடித்தது குப்பைத்தொட்டிதான். மறுசுழற்சி என்றதும் பழைய பொருள் போய்விட்டது, இடம் மீண்டுவிட்டது என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டது, கொட்டும்வரை வீட்டுக்குள்தான் இருக்கும். இங்கும் அப்படித்தான். டெலீட் அழுத்தினால் கோப்பின் முகவரி மட்டும் தொட்டியின் ஃபோல்டருக்கு மாறுகிறது. வட்டில் அது பிடித்திருக்கும் இடம் அப்படியே இருக்கிறது. 4 ஜிபி படம் ஒரு நொடியில் தொட்டிக்குப் போவதும் இதனால்தான். வேறு வட்டுக்கு நகர்த்துவதானால் முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வட்டிலும் தனித்தனித் தொட்டி இருக்கும், திரையில் ஒன்றே ஒன்று தெரிந்தாலும்.

வெளி வட்டுகளில் இந்தத் தொட்டி விண்டோஸில் `$RECYCLE.BIN`, மேக்கில் `.Trashes`, லினக்ஸில் `.Trash-1000` என்ற பெயரில் இருக்கும் (1000 என்பது பயனரின் எண், மாறலாம்). அந்தந்த கணினியில் இவை கண்ணுக்குத் தெரியாது. சாதாரண பென்டிரைவில் மட்டும் விண்டோஸ் தொட்டி வைப்பதில்லை, நேராக அழித்துவிடும். அந்தப் பழக்கத்தில் இருப்பவர்தான் மேக்கிலோ லினக்ஸிலோ குழம்புகிறார்.

கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 64 ஜிபி மெமரி கார்டை மேக்கில் செருகி, 40 ஜிபி படங்களை நகலெடுத்தபின் கார்டில் இருப்பவற்றை டிராஷில் போடுகிறார். கார்டைக் கழற்றிவிட்டு, அப்புறம் டிராஷைக் காலி செய்கிறார். கார்டில் இருந்த தொட்டி கார்டோடு போய்விட்டது. காலியானது மேக்கின் தொட்டி மட்டும். கேமராவில் பழைய படம் ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்த கல்யாணத்தில் பாதியிலேயே கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லும்.

சந்தேகம் வந்தால் இரண்டு எண்களை ஒப்பிடலாம். கார்டில் தெரியும் கோப்புகளையெல்லாம் தேர்ந்தெடுத்து மொத்த அளவைப் பாருங்கள். பிறகு கார்டின் பயன்பட்ட இடத்தைப் பாருங்கள். சில எம்பி வித்தியாசம் இயல்பு. பல ஜிபி என்றால் பெரும்பாலும் தொட்டிதான். லினக்ஸில் கார்டின் ஃபோல்டருக்குள் நின்று நேரடியாகவே அளக்கலாம்:

```
du -sh .Trash-*
```

சரி, தீர்வு? அழித்த அதே கணினியில் கார்டைச் செருகி, செருகிய நிலையிலேயே தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கணினி கைவசம் இல்லையென்றால், படங்களெல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம். மறைந்திருக்கும் தொட்டியும் அதோடு போய்விடும்.