கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

பக்கவாதம் என்று சந்தேகப்பட்டு ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், ஸ்ட்ரெச்சர் உள்ளே நகரும்போதே டாக்டர் கேட்கும் கேள்வி இது: "இவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" கூட வந்தவர்கள் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். மகன் ஏழு என்பார், மருமகள் ஆறரை என்பார். இதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்துவிடக் கூடாது. எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதில் பாதி இந்தப் பதிலில்தான் முடிவாகிறது.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து இந்த அளவு 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்திவிடும். 10-க்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் சிகிச்சைக்கு வாய்ப்பே இருக்கிறது. அடைப்பின் நடுவில் இருக்கும் பகுதி சீக்கிரமே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்துகொண்டிருக்கும். நம் தெருவில் லோ வோல்டேஜ் வந்தால் டியூப்லைட் எரியாது, ஆனால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை அல்லவா? அந்தப் பகுதியின் நிலையும் அதுதான். கை அசையவில்லை, பேச்சு வரவில்லை; ஆனால் அந்த வேலைகளுக்குரிய செல்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். ரத்தம் திரும்பினால் அவை பிழைக்கும். திரும்பாவிட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துக்கொண்டே போகும்.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு நாலரை மணி நேர வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். நேரம் கடக்கக் கடக்கக் காப்பாற்ற மிச்சமிருக்கும் பகுதி சுருங்கும். பட்டினி கிடந்த ரத்தக்குழாய்களின் சுவரும் பலவீனமாகும். அதற்குப் பிறகு கட்டியைக் கரைத்தால், பலவீனமான இடத்தில் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியலாம். வரம்புக்குள் கொடுத்தாலும் இந்த ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதால்தான் டாக்டர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். நாலரை மணி நேரம் இருக்கிறதே, சாவகாசமாகப் போகலாம் என்று கணக்குப் போடவும் முடியாது. முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் போடும் ஊசிக்கும் நான்காவது மணி நேரத்தில் போடும் ஊசிக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கொளத்தூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. காலை 6.40-க்குக் கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுகிறது. "என்னம்மா ஆச்சு?" என்று மருமகள் ஓடிவருகிறாள். அம்மாவின் வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறது. "ஒண்ணுமில்லடி, களைப்பு" என்கிறார். அந்தச் சொற்களும் குழைந்து வருகின்றன. மாரடைப்பைப் போல இதில் பெரும்பாலும் வலி இருக்காது. அதுவே ஆளை ஏமாற்றும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால், தன் இடக்கை விழுந்துவிட்டது என்பதே சிலருக்குத் தெரியாமல் போகும். அதனால் நோயாளி "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மருமகள் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. சிரிக்கச் சொல்லி, உதடு இருபக்கமும் ஒன்றுபோல் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடி இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்ல வேண்டும். பத்து விநாடிக்குள் ஒரு கை தானாக இறங்கினால் அது பலவீனம். "இன்னைக்கு என்ன கிழமை, என்ன சமைக்கலாம்?" என்று கேட்க வேண்டும். நாக்கு குழறுவதும் ஒரு அறிகுறி. தெளிவாகப் பேசியும் சம்பந்தமில்லாத சொற்கள் வருவதும், கேட்டதே புரியாமல் விழிப்பதும் அறிகுறிதான். மூன்றில் ஒன்று திடீரென்று மாறியிருந்தாலே போதும், 108-ஐ அழைக்கலாம். மூளையின் பின்பக்கத்து அடைப்பு இந்த மூன்றிலும் சிக்காமல் போகலாம். திடீரென்று நிற்கவே முடியாமல் ஒருபக்கம் சாய்வது, இரட்டையாகத் தெரிவது, பாதிப் பார்வை மறைவது ஆகியவையும் அதே அவசரம்தான்.

இனி நேரக் கணக்கு. 6.40 என்பது டம்ளர் விழுந்த நேரம். ஆனால் 6.30-க்கு வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக் காசு எண்ணிக் கொடுத்ததை மருமகள் பார்த்திருக்கிறாள். ஆக, கடிகாரம் 6.30-இல் தொடங்குகிறது, ஊசிக்கான கதவு 11 மணிக்கு மூடும். 108-இல் ஏறி 7.30-க்குள் ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்-சுக்கோ சேர்ந்தால், சர்க்கரை அளவு, சி.டி. ஸ்கேன் எல்லாம் முடிந்து எட்டரைக்குள் ஊசி போட வாய்ப்புண்டு.

இதே அம்மாவை "முதலில் நம்ம டாக்டரிடம் காட்டுவோம்" என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனால்? எட்டரைக்குத்தான் கிளினிக் திறக்கும். பிரஷர் 190 இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. ஓ.எம்.ஆரில் வேலை செய்யும் மகன் வந்துசேரும்வரை காத்திருப்பு. பிறகு தனியாக ஒரு ஸ்கேன் சென்டர். பதினொன்று தாண்டிவிடும். அந்த மாத்திரையும் நல்லதல்ல. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளத்தான் உடல் பிரஷரை ஏற்றியிருக்கிறது. அதைச் சட்டென்று இறக்கினால், ஏற்கெனவே குறைந்த ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் செல்களுக்கு அதுவும் கிடைக்காது. எவ்வளவு குறைக்கலாம் என்பது ஸ்கேனுக்குப் பிறகு எடுக்கும் முடிவு.

வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. அடைப்பா, குழாய் வெடித்த கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். சி.டி. ஸ்கேனில் கசிவு உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் அநேகமாகத் தெரியவே தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அந்த நார்மலுக்குக் கசிவு இல்லை, ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் பொருள். தண்ணீர், காபி எதுவும் புகட்டக் கூடாது. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. அசிட்ரோம் போல ரத்தத்தை உறையவிடாத மாத்திரை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் கணக்கு சிக்கலாகும். இரவு 10-க்குப் படுத்தவர் என்றால் கடிகாரம் 10-இலிருந்தே ஓடுகிறது. ஆனால் விடிகாலை 4-க்கு பாத்ரூம் போய்வந்ததை அப்பா பார்த்திருந்தால், அந்த ஒரு தகவல் ஆறு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. நேரமே தெரியாவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து ஊசி போடும் வழி இருக்கிறது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையைப் பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் அந்த வசதி இருப்பதில்லை.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்? கட்டி தானாகக் கரைந்திருக்கும். அது உருவான காரணம் அங்கேயேதான் இருக்கும். இதற்குப் பின்னால் பெரிய பக்கவாதம் வருமானால், அதற்கு ஆபத்து மிகுந்த காலம் அடுத்த இரண்டு நாட்கள். அதனால் வாய் நேராகி, கையைத் தூக்க முடிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்ற இரண்டு நேரங்களையும் குறித்துக்கொண்டு.