ஏழு பதிவுகளும் எங்கே காத்திருக்கின்றன?

ஒரே மதியத்தில் ஒரு வாரத்துக்கான ஏழு இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் தயார் செய்துவிடலாம். ஒவ்வொரு பதிவாக முழுசாக முடித்துக்கொண்டு போனால்தான் சிக்கல். எழுதுவது, படம் தயாரிப்பது, குறித்த நேரத்தில் பதிவைத் தானாக வெளியிடும் கருவியில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வேலைகள். அப்படிச் செய்தால் இருபது முறை வேலை மாற வேண்டியிருக்கும். முதலில் ஏழு எழுத்துகள், அப்புறம் ஏழு படங்கள், கடைசியில் ஏற்றுவது என்று போனால் இரண்டே மாற்றங்கள். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பழையதன் நினைவு கொஞ்ச நேரம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் கவன எச்சம் என்று அழைத்தார். எச்சம் குறைந்தால் வேலை ஓடும்.

இரவு வானம் பற்றிய பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறோம். வியாழன் இரவு ஏழு மணிக்குப் போகவேண்டிய பதிவு பௌர்ணமியைப் பற்றியது. அதில் ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதவே கூடாது. பதிவு ஒரு நாள் தள்ளிப்போனாலும் தகவல் பொய்யாகிவிடும். கிழமையும் தேதியும் எழுதுவதே பாதுகாப்பு.

சரி, ‘ஷெட்யூல்’ பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? பதிவு இன்ஸ்டாகிராமுக்குப் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளி நிறுவனங்களின் கருவிகளில் அப்படி நடப்பதில்லை. எழுத்தும் படமும் நேரமும் அந்தக் கருவியின் சேமிப்பில்தான் கிடக்கின்றன. நேரம் வந்த பதிவு எது என்று அங்கே ஒரு நிரல் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வியாழன் ஏழு மணி ஆனதும் அது படத்தின் முகவரியை இன்ஸ்டாகிராமுக்கு அனுப்பி, வெளியாகும்வரை பதிவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ஒரு ‘கன்டெய்னர்’ உருவாக்கச் சொல்லும். அடுத்து அதை வெளியிடச் சொல்லும். அந்த கன்டெய்னரின் ஆயுள் 24 மணி நேரம்தான். அதனால் வியாழனுக்கானதைச் சனிக்கிழமையே உருவாக்கி வைக்க முடியாது.

தோல்விகள் தாமதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். உங்கள் சார்பில் பதிவிட, கருவியிடம் ‘டோக்கன்’ என்ற அனுமதிச் சாவி இருக்கும். நீண்டகால டோக்கனே 60 நாள்தான் செல்லும். இடையில் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது செத்துப்போகலாம். சாவி செத்திருந்தாலும் சனிக்கிழமை எல்லாமே ஒழுங்காக ஏறியதுபோலத் தெரியும். பிழைச்செய்தி வியாழன் இரவுதான் வரும், பௌர்ணமி நிலா மேலே வந்த பிறகு.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. ஏழில் முதல் பதிவை அன்று மாலைக்கே, நீங்கள் இன்னும் கணினி முன்னால் இருக்கும் நேரத்துக்கு வையுங்கள். அது வெளியானால் சாவி உயிரோடு இருக்கிறது. சொன்ன நிமிடத்தில் வெளியானால் கருவியின் நேர மண்டல அமைப்பும் சரி. வரவில்லையென்றால் கணக்கைத் துண்டித்து மறுபடி இணைத்துவிட்டு, மீதி ஆறு பதிவுகளும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில கருவிகளில் கணக்கைத் துண்டித்தால் காத்திருக்கும் பதிவுகளும் சேர்ந்து போய்விடும். எழுத்துகளின் நகலை வேறொரு கோப்பில் வைத்துக்கொண்டு துண்டியுங்கள்.