g சரியாக இருந்தால் போதாது: எதிர்முனை அனுப்பும் எண்ணையும் சோதியுங்கள்

சமீபத்தில் இன்னொரு நிரல் மதிப்பாய்வு. இன்னொரு டிஃபி-ஹெல்மன் செயல்படுத்தல்: p என்ற பெரிய பகா எண்ணையும் g என்ற அடிமானத்தையும் வைத்து இரு முனைகள் திறந்த வழியிலேயே ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை. எதிர்முனையிலிருந்து பொது விசை வருகிறது, அதை அப்படியே எடுத்து ரகசிய விசையால் அடுக்கு ஏற்றுகிறார்கள், கிடைத்ததைப் பகிர்ந்த ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு வரி சோதனைகூட இல்லை. ஏன் என்று கேட்டால், இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டுச் சலித்த அதே பதில்: "p 2048 பிட், g-யும் தரநிலையிலிருந்து எடுத்ததுதானே, இதில் என்ன பிரச்சினை?"

பிரச்சினை இருக்கிறது. இது புதிய விஷயமும் அல்ல. எதிர்முனை வேண்டுமென்றே தவறான எண்ணை அனுப்பி ரகசிய விசையைக் கறக்கும் இந்தத் தாக்குதலை லிம், லீ என்ற இருவர் 1997-லேயே விவரித்துவிட்டார்கள். தடுப்பது எப்படி என்று ஆர்.எஃப்.சி. 2785 என்ற தனி ஆவணமே 2000-ல் வந்துவிட்டது. ஆனாலும் 2016 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 1.0.2-ல் CVE-2016-0701 என்ற எண்ணோடு இதே ஓட்டை வெளிவந்தது. இனியும் வரும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "g சரியாக இருக்கிறதே" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சிக்கலே அதில்தான். g-யின் அடுக்குகள் எல்லாம் q என்ற பெரிய பகா எண் அளவுள்ள ஓர் உட்குலத்துக்குள் சுற்றிச்சுற்றி வரும். உண்மைதான். நீங்கள் அனுப்பும் எண் அந்த உட்குலத்தில் இருக்கும் என்பதற்கு g உத்தரவாதம் தருகிறது. ஆனால் எதிர்முனை அனுப்பும் எண்? அதை உங்கள் g-யை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று எதிராளிக்கு என்ன கட்டாயம்? அவர் p-க்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் அனுப்பலாம். உங்கள் நிரல் அதை y என்று வாங்கிக்கொண்டு, உங்கள் ரகசிய x-ஐ அதன்மீது ஏற்றிக் கொடுக்கும். அந்தக் கணக்கில் g எங்குமே வருவதில்லை. நேர்மையான ஆள் விதியைப் பின்பற்றுவார் என்பதை, எல்லோரும் பின்பற்றுவார்கள் என்று படித்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு.

அடுத்தது p-யின் அளவு. p எத்தனை பிட் என்பதைவிட இந்தத் தாக்குதலுக்கு முக்கியம், p−1 எப்படிப் பிளவுபடுகிறது என்பது. p−1-ஐ வகுக்கும் ஒவ்வொரு சிறிய பகா எண்ணுக்கும் அதே அளவில் ஒரு குட்டி உட்குலம் இருக்கிறது. எதிராளி அந்தக் குட்டி உட்குலத்திலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், நீங்கள் எவ்வளவு பெரிய x-ஐ ஏற்றினாலும் விடை அந்தச் சில எண்களுக்குள்தான் விழும்.

கையால் சரிபார்க்கக்கூடிய சிறிய எண்களை வைத்துப் பார்ப்போம். p = 21211 என்று வையுங்கள். இது பகா எண். எல்லா விடையும் p-ஆல் வகுத்த மீதிதான். p−1 = 21210 = 2·3·5·7·101. q = 101 அளவுள்ள உட்குலத்தில் வேலை செய்கிறோம், ரகசிய x 1 முதல் 100 வரை ஏதோ ஒன்று. உங்கள் x 59 என்று வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு அது தெரியாது.

எதிராளி 2-ஐ (p−1)/3, அதாவது 7070 என்ற அடுக்குக்கு ஏற்றுகிறார். 13137 கிடைக்கிறது. இதன் வர்க்கம் 8073, மூன்றாம் அடுக்கு 1. அதற்கு மேல் எந்த அடுக்குக்குப் போனாலும் 13137, 8073, 1 என்ற மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். இந்த 13137-ஐத் தன் பொது விசை என்று சொல்லி உங்களுக்கு அனுப்புகிறார். உங்கள் நிரல் 13137-ஐ 59-ஆம் அடுக்குக்கு ஏற்றுகிறது. 59-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2, ஆக விடை 8073. அந்த விடையிலிருந்து விசை உருவாகி, அதை வைத்து அடுத்த செய்தியை நீங்கள் அனுப்பியதும் எதிராளி மூன்று விடைகளையும் போட்டுப் பார்க்கிறார். 8073 பொருந்துகிறது. x-ஐ 3-ஆல் வகுத்த மீதி 2 என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் அளவு 5 உள்ள உட்குலத்திலிருந்து ஓர் எண், மீதி 4. அளவு 7 உள்ளதிலிருந்து ஒன்று, மீதி 3. சீன மீதித் தேற்றப்படி இந்த மூன்று மீதிகளும் பொருந்துகிற எண் 105-க்குள் ஒன்றே ஒன்றுதான்: 59. மூன்றே இணைப்புகள், அதிகபட்சம் 3+5+7 = 15 ஊகங்கள். உங்கள் ரகசிய விசை முழுதாகக் கையை விட்டுப் போய்விட்டது. g-யையோ q-வையோ யாரும் தொடவே இல்லை, தனி மடக்கைக் கணக்கை யாரும் உடைக்கவும் இல்லை.

உண்மையான அளவிலும் இதே கணக்குதான், வகுஎண்கள் மட்டும் பெரிதாகும். சிறிய வகுஎண்களின் பெருக்கற்பலன் x-ஐ முழுதாக எட்டாவிட்டாலும் நிம்மதிப்பட ஒன்றும் இல்லை. x 256 பிட் என்று வையுங்கள். அதில் 156 பிட் அளவுக்குத் தகவல் கசிந்துவிட்டால், மிச்சமுள்ள 100 பிட்டைப் பொல்லார்டின் கங்காரு முறையில் சுமார் 2^50 படிகளில் தேடிவிடலாம். அது வசதி உள்ளவருக்கு எட்டும் வேலை. நெறிமுறையைப் பொறுத்து வேகம் மாறும். எஸ்.எஸ்.ஹெச்.-இல் சர்வர்தான் முதலில் பகிர்ந்த ரகசியம் கலந்த கையொப்பத்தை அனுப்புகிறது. ஒவ்வொரு குட்டி உட்குலத்துக்கும் ஒரே இணைப்பு போதும், ஊகங்களை எதிராளி தன் கணினியில் உட்கார்ந்தபடி சோதிக்கலாம். டி.எல்.எஸ். 1.2-ல் கிளையண்ட் முதலில் நிரூபிக்க வேண்டும், எனவே ஒவ்வோர் ஊகத்துக்கும் ஓர் இணைப்பு வேண்டும். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை: அதே x பல இணைப்புகளில் திரும்ப வர வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் விவகாரத்தில் பாதுகாப்பற்ற குலம், திரும்ப வரும் x இரண்டும் சேர்ந்தே அமைந்தன. 1.0.2-ல் ஆர்.எஃப்.சி. 5114-இல் உள்ளவை போன்ற அளவுருக்களுக்கு ஆதரவு வந்தது. அந்தக் குலங்களில் p−1 பாதுகாப்பான முறையில் பிளவுபடுவதில்லை. SSL_OP_SINGLE_DH_USE என்ற தேர்வைப் போடாவிட்டால் சர்வர் இயங்கும் காலம் முழுக்க ஒரே x. 1.0.2f-இல் அந்தத் தேர்வை எப்போதும் இயங்கும்படி மாற்றினார்கள். ஆனால் "வேகத்துக்காக" விசையைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் பழக்கம் பல தனி உருவாக்கங்களில் இன்னும் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: சர்வருக்கு இரண்டு முறை இணைப்புப் போட்டு, அது அனுப்பும் பொது விசைகளை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் x-உம் ஒன்றுதான்.

"அப்படியானால் புது x ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டால் சோதனை தேவையில்லையே" என்று அடுத்த கேள்வி வரும். வேண்டும். x கசியாதுதான், ஆனால் அந்த இணைப்பின் விசை மூன்று எண்களுக்குள் ஒன்றாகச் சுருங்குவதை அது தடுக்காது. நடுவில் இருப்பவர் இரு பக்கத்துக்கும் குட்டி எண்ணை மாற்றி அனுப்பினால், பரிமாற்றம் முழுவதையும் கையொப்பம் உறுதி செய்யாத நெறிமுறைகளில் இரு பக்க விசைகளையும் அவர் ஊகித்துவிடுவார்.

சரி, சோதனை எப்படி? இவ்வளவுதான்:

```python
def check_public(y, p, q):
    if not 2 <= y <= p - 2:
        raise ValueError("range")
    if pow(y, q, p) != 1:
        raise ValueError("subgroup")
```

முதல் வரி 0, 1, p−1 ஆகியவற்றை மட்டுமே தடுக்கும். இதோடு நிறுத்திவிட்டுச் "சோதித்துவிட்டோம்" என்று சொல்பவர்களுக்குத்தான் அந்த 13137-ஐக் காட்ட வேண்டும். 2-க்கும் 21209-க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, தாராளமாகத் தேறிவிடும். இரண்டாவது சோதனைதான் அதைப் பிடிக்கும்: 101-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2, ஆக 13137-இன் 101-ஆம் அடுக்கு 8073, 1 அல்ல. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு கூடுதலாக ஓர் அடுக்கேற்றம். அதைக்கூடச் செய்ய மனமில்லை என்றால் p−1 = 2q என்று அமையும் பாதுகாப்பான பகா எண்ணுக்கு மாறுங்கள். அங்கே குட்டி உட்குலம் என்று சொல்ல 1-உம் p−1-உம்தான். வீச்சுச் சோதனையே போதும், மிஞ்சிப்போனால் x ஒற்றையா இரட்டையா என்ற ஒரு பிட் கசியும். ஆர்.எஃப்.சி. 7919-இன் ffdhe2048 முதலியவையும், ஆர்.எஃப்.சி. 3526-இன் குலங்களும் இந்த வகை.

தயவுசெய்து அளவுருக்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டி.எல்.எஸ். 1.2-ல் சர்வர் p, g இரண்டையும்தான் அனுப்புகிறது, q வருவதே இல்லை. q தெரியாமல் கிளையண்ட் எந்த உட்குலத்தைச் சோதிக்கும்? ஆகவே பெயர் தெரிந்த குலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதை மறுத்துவிடுவதே வழி. உங்கள் நிரலில் பதித்து வைத்திருக்கும் p-யையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். socat என்ற பரவலான கருவியில் பதித்திருந்த 1024 பிட் p பகா எண்ணே அல்ல என்பது 2016 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது. கோப்பில் இருப்பதைப் பார்க்க இது போதும்:

```
openssl dhparam -in dh.pem -check -noout
```

p-யும் (p−1)/2-உம் இரண்டும் பகா எண்கள்தானா என்பதே கேள்வி. மில்லர்-ராபின் சோதனையை நீங்களே எழுதினால் அடிமானங்களைச் சீரற்ற முறையில் எடுங்கள். நிலையான அடிமானங்களை ஏமாற்றும் பகு எண்ணை வேண்டுமென்றே கட்டிவிட முடியும். வி.பி.என்.களில் பயன்படும் ஐ.கே.இ.வி2 அமைப்புகளில் 22, 23, 24 ஆகிய குலங்களை அணைத்துவிடுங்கள்; 2017-ல் வந்த ஆர்.எஃப்.சி. 8247-உம் 22 கூடவே கூடாது, மற்ற இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

சோதனை தோற்றால் இணைப்பைத் துண்டியுங்கள். ஒரு பிழைப்பதிவை எழுதிவிட்டு அதே y-யோடு மேலே நகரும் நிரலையும் பார்த்திருக்கிறேன். அது சோதனையே அல்ல. இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு வரிகளை இன்று சேர்த்தால் நாளை வரும் எண்களைத்தான் தடுக்கும். இவை இல்லாமல், பாதுகாப்பற்ற குலத்தில், ஒரே விசையோடு பல நாள் ஓடிய சர்வர் என்றால் அந்த x ஏற்கெனவே போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டு அதை அழித்துப் புது விசை போடுங்கள். அந்த விசையால் அதுவரை காத்த பரிமாற்றங்களை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், அவற்றைத் திறக்கவும் முடியும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.