விற்பனை கூடும்போதே ஆர்டர் ஏன் குறைகிறது?

தொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. பனியன் கம்பெனியின் கணக்கைவிட, அதற்கு நிட்டிங் மெஷின் செய்து கொடுக்கும் பட்டறையின் கணக்கைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். பனியன் விற்பனை லேசாகத் தடுமாறினாலே பட்டறையின் ஆர்டர் பாதியாகிவிடும். இதை விளக்குவதுதான் முடுக்கிக் கோட்பாடு. 1917-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜே. எம். கிளார்க் ரயில் பெட்டி ஆர்டர்களை வைத்தே இதைக் காட்டினார்.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1,000 மெஷின்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் பத்து வருடம் உழைக்கும் என்றால், விற்பனை அசையாமல் இருந்தாலும் தேய்ந்ததை மாற்ற வருடத்துக்கு 100 ஆர்டர் வரும். விற்பனை 10 சதவீதம் கூடுகிறது. இப்போது 1,100 மெஷின் வேண்டும். மாற்றுவதற்கு 100, புதிதாக 100, ஆக 200 ஆர்டர். விற்பனையின் 10 சதவீத உயர்வு பட்டறையின் ஆர்டரை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

அடுத்த வருடம் 5 சதவீதம்தான் கூடுகிறது. புதிதாக 55 போதும், ஆர்டர் 155. பனியன் விற்பனை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, பட்டறைக்கோ அது சரிவு. அதற்கடுத்த வருடம் விற்பனை அப்படியே நின்றால் மறுபடியும் 100. பிறகு 10 சதவீதம் விழுந்தால் தேவை சுமார் 1,040 மெஷின்தான். தேய்ந்த 100-ஐக் கழித்தும் 1,055 மிஞ்சுகிறது. ஆர்டர் பூஜ்யம்.

மெஷின் இருபது வருடம் உழைப்பதாக வைத்துக்கொண்டால் ஆட்டம் இன்னும் பெரிது. வழக்கமான ஆர்டர் 50தான். அதே 10 சதவீத உயர்வு அதை 150 ஆக்கிவிடும். நல்ல மெஷின் செய்பவருக்கு இது ஒரு வினோதமான தண்டனை!

நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக நடக்காது. மெஷின்கள் சும்மா நிற்கும் காலத்தில் விற்பனை கூடினால், முதலாளி ஒரு ஷிப்ட் கூட்டி ஓட்டுவாரே தவிர புதிது வாங்கமாட்டார். உயர்வு நிலைக்குமா என்ற சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடுவார். ஆனாலும் போக்கு இதுதான். 2009-இல் அமெரிக்காவின் மொத்த உற்பத்தி 3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சரிந்தது. தனியார் முதலீடோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

200 ஆர்டர் வந்த வருடத்தில்தான் பட்டறைக்காரர் கடன் கேட்டு வருவார், கொட்டகையை இரட்டிப்பாக்க. ஆர்டர் நகல்களை வாங்கி, ஒவ்வொன்றும் பழையதை மாற்றவா, கூடுதலாகச் சேர்க்கவா என்று பிரித்துத் தரச் சொல்வேன். அப்புறம் வாங்குபவர்கள் எத்தனை ஷிப்ட் ஓட்டுகிறார்கள் என்று விசாரிப்பேன். பாதிக்கு மேல் கூடுதல் ரகமாக இருந்தால், தவணையை மாற்று ஆர்டர்களின் வருமானத்திலேயே கட்ட முடியுமா என்று கணக்குப் போடுவேன். முடியாதென்றால், உபரி வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டுக் கடன் தொகையைக் குறைக்கச் சொல்வேன்.