த்ரெட் = இழை

ஒருவர் தன் பதிவுக்குத் தானே மறுமொழி எழுதி, அடுத்தடுத்துக் கோத்துக்கொண்டே போகும் குறும்பதிவுத் தொடர்தான் த்ரெட். ஆங்கிலத்தில் அது நூலிழை. அதன் பழைய வேருக்கு முறுக்குதல் என்று பொருள். நாம் திரிப்பதும் முறுக்குவதுதானே! அதனால் இணைய மன்றங்களில் புழங்கிய ‘திரி’ அழகான சொல்தான். ஆனால் மன்றத் திரியில் பலர் கூடிப் பேசுவார்கள். இங்கே பேச்சு ஒருவருடையது. இதற்கு ‘இழை’யே பொருந்தும். இழை நீள்கிறது, இழை அறுந்தது என்று வினைகளும் தானாக வந்து சேர்கின்றன.

இழை தேவைப்பட்டதற்குக் காரணம் எழுத்து வரம்பு. 2006இல் ட்விட்டர் தொடங்கியபோது பதிவுகள் கைபேசிக் குறுஞ்செய்தி வழியே போய்வந்தன. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 குறிகள்தாம் அடங்கும். பயனர் பெயருக்கு 20 ஒதுக்கி, மீதி 140ஐப் பதிவுக்கு வைத்தார்கள். 2017இல் அது 280 ஆனது.

‘எழுத்து வரம்பு’ என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டர் இந்த ஐந்தையும் எண்ணும். ப்ளூஸ்கை தளம் நாம் எண்ணுவதுபோல் மூன்றாகவே கொள்ளும், அதன் வரம்பு 300. எனவே ‘குறி வரம்பு’ என்பதே சரியான பெயர். எக்ஸில் இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 குறிதான்.

இழையில் முதலாவது தவிர ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் எண்ணைச் சுமந்திருக்கும். இழையைப் பிடித்திருக்கும் முடிச்சு அதுதான். நான்காம் பதிவை மூன்றாவதன் கீழ் எழுதாமல் முதலாவதன் கீழ் எழுதினால் இழை கிளைத்துவிடும். மூன்றைப் படித்தவர் அதோடு முடிந்தது என்று போய்விடுவார். இரண்டாவதை அழித்தால் மூன்றாவது அழியாது, ஆனால் தலையின்றித் தொங்கும்.

நீண்ட பதிவை அனுமதிக்கும் தளங்கள் தொடக்கத்தை மட்டும் காட்டி, ‘மேலும் காண்க’ என்று மீதியை மடித்துவைக்கும். வெட்டுமிடத்தைக் குறி எண்ணிக்கையால் முடிவு செய்யும் நிரல் தமிழில் சறுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் பாருங்கள்:

```
"தமிழ்".length       // 5
"தமிழ்".slice(0, 4)  // "தமிழ"
```

புள்ளி உதிர்ந்து மெய் உயிர்மெய் ஆகிவிட்டது. ‘கல்’லை இப்படி வெட்டினால் ‘கல’ என வேறொரு சொல்லே நிற்கும். அம்மொழியிலுள்ள `Intl.Segmenter` என்ற கருவியைக் கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்து, பிறகு வெட்ட வேண்டும்; சொல்லிடைவெளி வரை பின்வாங்கி வெட்டினால் இன்னும் நல்லது. எழுதுபவர் கையில் இருப்பது ஒன்று: செய்தியின் கருவை முதல் இரண்டு வரிக்குள் வைத்துவிடுவது.