ஒரு கிலோவின் விலையும் பத்துக் கிராம் புரதத்தின் விலையும்

மட்டக்களப்புச் சந்தையில் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் ஒருவர் புரதத்துக்காக எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் கிலோ விலையையே ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆனால் நாம் வாங்க நினைப்பது புரதத்தை என்பதால், பொருளின் விலையை அதிலுள்ள புரதத்தின் அளவால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. 100 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு; உலர்ந்த சோயா மீற்றில் 50 கிராம் அளவிலும், பனீரில் 18 கிராம் அளவிலும் உண்டு; நடுத்தர முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கும்.

விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால், கணக்கின் முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம். பருப்பு கிலோ 300 ரூபாய், முட்டை 36 ரூபாய், 90 கிராம் சோயா மீற் பைக்கற் 135 ரூபாய், 200 கிராம் பனீர் 800 ரூபாய் என்றால், பத்துக் கிராம் புரதத்துக்குப் பருப்பில் பன்னிரண்டரை ரூபாயும், சோயாவில் 30 ரூபாயும், முட்டையில் 60 ரூபாயும், பனீரில் 220 ரூபாய்க்குச் சற்று மேலும் செலவாகும். ஒரு கிலோ பனீருக்கு ஐந்து, ஆறு லீற்றர் பால் தேவைப்படுவதால் அந்த விலை வியப்புக்குரியதன்று. எருமைத் தயிர் தாராளமாகக் கிடைக்கும் எங்கள் பகுதியில், பாற்புரதம் வேண்டுமென்றால் பனீரைத் தேடுவதற்கு நான் காரணம் காணவில்லை.

அப்படியானால் பருப்பு மட்டும் போதுமா என்ற கேள்வி எழுகிறது. உண்ட புரதம் குடலில் அமினோ அமிலங்களாகப் பிரிந்து, பின்னர் உடலின் தேவைக்கேற்பப் புதிய புரதமாகக் கோக்கப்படுகிறது. மருதமுனைக் கைத்தறியில் ஒரு நிற நூல் தீர்ந்துவிட்டால், மற்ற நூல்கள் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அந்தக் கோலம் அங்கேயே நின்றுவிடுவதுபோல, மிகக் குறைவாக உள்ள அமினோ அமிலமே கோப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. சோற்றில் அவ்வாறு குறைவது லைசின். பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. சோற்றிலோ மெத்தியோனின் போதிய அளவில் உண்டு. இரண்டையும் ஒரே கவளத்தில் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் உண்டால் போதும்.

50 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் புரதமும், 1500 மில்லிகிராம் லைசினும் வேண்டும். அவர் 300 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டால் 21 கிராம் புரதம் வருகிறது. ஆனால் லைசின் 750 மில்லிகிராமுக்கு மேல் அதிகம் வராது, அதாவது தேவையில் பாதிதான். அதனுடன் 75 கிராம் பருப்பு சேர்ந்தால் லைசின் 2000 மில்லிகிராமை எட்டுகிறது. லைசின் குறை தீர்ந்துவிட்டது. புரதமும் 39 கிராமாகிவிட்டது. எனினும் சோற்றின், பருப்பின் புரதம் முழுவதும் செரிப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு கழிந்துபோகும் என்று கொண்டால், உடலுக்குச் சேர்வது 31 கிராம்தான். மரக்கறிகளிலும் தேங்காய்ப்பாலிலும் சிறிது கிடைத்தாலும், இன்னும் ஏழெட்டுக் கிராம் குறைவாகவே இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சோயாவும் முட்டையும் பயன்படுகின்றன. 20 கிராம் உலர் சோயா மீற்றில் 10 கிராம் புரதம் உண்டு. அது லைசினும் நிறைந்தது, நன்றாகச் செரிக்கவும் செய்யும். முட்டை உண்பவராயின் ஒரு முட்டையும் ஒரு சிறு கிண்ணம் தயிரும் அதே வேலையைச் செய்யும். விலையில் சோயா வென்றாலும், பருப்பிலும் சோயாவிலும் இயல்பாக இல்லாத உயிர்ச்சத்து பி12 முட்டையிலும் தயிரிலும் உண்டு என்பதால், இவ்விரண்டையும் முற்றாக ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். சோயா வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பைக்கற்றில் எழுதியிருக்கும் புரத அளவு உலர்ந்த நிலைக்குரியது. ஊறிய சோயா தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரை உறிஞ்சியிருப்பதால், ஊறிய 100 கிராமில் 50 கிராம் புரதம் இருக்கிறதென்று எண்ணினால் கணக்கு மூன்று மடங்கு பிழைத்துவிடும்.

இதே பிழை பருப்புக் கறியிலும் நேர்கிறது. அம்மா வைக்கும் கட்டியான பருப்பில் ஓர் அகப்பை, சோற்றின்மேல் குவிந்து நிற்கும். விருந்தினர் கூடிவிட்ட நாளில் அதே பருப்பில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் கூடுதலாகச் சேர, அந்த அகப்பை சோற்றுக்குள் வழிந்தோடிவிடும். புரதமும் அதற்கேற்பப் பாதியாகிவிடும். ஆகவே அகப்பைக் கணக்கை நம்பாமல், சமைக்குமுன் உலர்ந்த பருப்பை ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த 75 கிராம் வீட்டுச் சுண்டில் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு கீறிவைக்கலாம். நால்வர் உண்ணும் வீட்டில் அந்தக் கோடளவில் நான்கு தடவை அள்ளிப் பானையில் இட வேண்டும்.