விடிஆர்எல் ரியாக்டிவ் எண்டு வந்தா உடனே வீட்டில சண்டை பிடிக்காதீங்க

கர்ப்பிணி கிளினிக்குக்கு முதல் தரம் போனவுடனே ரத்தம் எடுப்பாங்க தெரியும்தானே. ஹீமோகுளோபின், ரத்தவகை, சீனி எல்லாம் பார்ப்பாங்க, அதோட விடிஆர்எல் எண்டு ஒண்டும் பார்ப்பாங்க, திருகோணமலை டவுனில எண்டாலும் சரி மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எண்டாலும் சரி எல்லா இடமும் இதுதான் நடைமுறை. விடிஆர்எல் சிபிலிஸ் எண்ட பால்வினை நோய்க்கான டெஸ்ட். நூற்றுக்கு தொண்ணூற்றிச் சொச்சம் பேருக்கு "நொன் ரியாக்டிவ்" எண்டு வரும், ஆரும் அதைத் திருப்பியும் பார்க்க மாட்டாங்க. ஆனா எப்பவாவது ஒரு பிள்ளைக்கு "ரியாக்டிவ்" எண்டு வந்திட்டா, வீட்டில ஆராவது ஃபோனைத் தட்டிப் பார்த்து "இது அந்த நோயாம்" எண்டு சொன்ன உடனே மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், வயித்தில பிள்ளையோட அது ஒரு மூலையில இருந்து அழும்.

இப்பிடி ஒரு வீட்டுக் கதையில எனக்குத் தெரிஞ்ச மாமி ஒராள் கேட்டா, "ஏன் தம்பி, நூற்றுக்கு 95 சரியான டெஸ்ட் எண்டுதானே சொல்லுறாங்க, அப்ப அந்தப் பிள்ளைக்கு 95 வீதம் நோய் இருக்கெண்டுதானே கணக்கு?" எண்டு. மாமியைக் குறை சொல்ல ஏலாது. 1978ல அமெரிக்காவில ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோட சேர்ந்த ஆஸ்பத்திரிகளில டொக்டர்மார், கடைசி வருஷ மாணவர் எண்டு 60 பேரிட்ட இதே மாதிரிக் கேள்வியைக் கேட்டாங்க. ஆயிரத்தில ஒருத்தருக்கு இருக்கிற நோய், நோய் இல்லாத ஆக்களில 5 வீதமானவங்களுக்கு பிழையா பொசிட்டிவ் காட்டுற டெஸ்ட், ஒருத்தருக்கு பொசிட்டிவ் வந்திருக்கு, அவருக்கு உண்மையில நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்ட பாதிப்பேர் 95 வீதம் எண்டாங்க. சரியான விடை 2 வீதத்துக்குக் கிட்ட. அதைச் சொன்னது வெறும் 11 பேர்தான்.

95 எங்க, 2 எங்க. இது எப்பிடி வருது எண்டு பார்க்க சூத்திரம் ஒண்டும் வேணாம், ஆக்களை எண்ணினாப் போதும். நான் கீழ போடுறது விளக்கத்துக்கு எடுத்த நம்பர்தான், உண்மையான விடிஆர்எல் நல்லவங்களைப் பிழையாப் பிடிக்கிறது பொதுவா இதைவிடக் குறைவு, ஆனா கதை அதே கதைதான்.

20,000 கர்ப்பிணித் தாய்மார் எண்டு வையுங்க. ஆயிரத்தில ஒருத்தருக்கு நோய் எண்டா மொத்தம் 20 பேருக்கு உண்மையில நோய் இருக்கு. டெஸ்ட் நோய் உள்ள 100 பேரில 95 பேரைப் பிடிக்கும், அப்ப 20 பேரில 19 பேரைப் பிடிச்சிரும், ஒராள் தப்பிருவா. மிச்சம் 19,980 பேர் ஒரு நோயும் இல்லாத ஆக்கள். அவங்களிலயும் டெஸ்ட் 95 வீதம் சரி, அதாவது 5 வீதம் பிழை. 19,980ல 5 வீதம் 999.

இப்ப லேப்பில இருந்து பொசிட்டிவ் எண்டு வாற ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு மேசையில அடுக்குங்க, 1018 கடதாசி. அதில உண்மையான நோயாளிட ரிப்போர்ட் 19தான். மிச்சம் 999ம் ஒண்டுமில்லாத தாய்மாரிட. அப்ப மேசையில இருந்து ஒண்டை உருவினா அது உண்மையா இருக்க 54ல ஒரு வாய்ப்புதான், இரண்டு வீதம் கூட இல்ல.

டெஸ்ட் பொய் சொல்லேல்ல, அது சொன்ன 95 சரியாத்தான் இருக்கு. நோய் உள்ளவங்க ஒரு சின்னக் கூட்டம், அதில 95 வீதம் எடுத்தாலும் 19 தலைதான். நோய் இல்லாதவங்க பெரிய கூட்டம், அதில வெறும் 5 வீதம் எடுத்தாலும் அது ஆயிரத்தைத் தொட்டிரும். சோதிக்கிற ஆக்களில எத்தினை பேருக்கு ஏற்கனவே அந்த நோய் இருக்கு எண்ட கணக்கு, அதுதான் அடிப்படை வீதம், அதைத்தான் நாங்க எல்லாரும் கணக்கில எடுக்க மறந்து போறம்.

மாமிட கேள்வியில இருந்த சிக்கல் என்னெண்டா "நோய் உள்ளவங்களில 95 வீதத்துக்கு பொசிட்டிவ் வரும்" எண்டதை "பொசிட்டிவ் வந்தவங்களில 95 வீதத்துக்கு நோய் இருக்கு" எண்டு திருப்பிப் போட்டது. திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போறவங்களில ஆம்பிளைகள்தான் பெரும்பாலும், அதுக்காக ஆம்பிளைகளில பெரும்பாலான ஆக்கள் கடலுக்குப் போறவங்க எண்டு ஆரும் சொல்ல மாட்டம், டவுனில கனபேர் கடையும் ஒஃபிசும்தான். மீன்பிடியில பட்டெண்டு தெரியுற இந்த வித்தியாசம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில மட்டும் கண்ணுக்குத் தெரியாமப் போகுது. ஜெர்மன் உளவியலாளர் கேர்ட் கிகரென்சர் இதைத்தான் கனகாலமாச் சொல்லிக்கொண்டு இருக்கிறார், வீதத்தில சொல்லாதீங்க, "இத்தினை பேரில இத்தினை பேர்" எண்டு சொல்லுங்க, டொக்டர்மாருக்கும் அப்பத்தான் விளங்குது எண்டு.

இன்னொரு விஷயம், "95 வீதம் சரி" எண்ட சொல்லையே நான் முழுசா நம்ப மாட்டன். ரத்தமே எடுக்காம 20,000 பேருக்கும் "நோய் இல்ல" எண்டு அச்சடிச்சுக் குடுக்கிற ஒரு மெசின் இருந்தா அது 19,980 பேர் விஷயத்தில சரி, அதாவது 99.9 வீதம் சரியான மெசின். ஒரு நோயாளியையும் பிடிக்காது. அதனால எப்பவும் இரண்டு நம்பரைத் தனித்தனியாக் கேக்கணும், நோய் உள்ளவங்களில எத்தினை பேரைப் பிடிக்குது, நோய் இல்லாதவங்களில எத்தினை பேரைச் சும்மா விடுது எண்டு.

அதே டெஸ்டை இடம் மாத்திப் பாருங்க. பால்வினை நோய் கிளினிக்குக்கு புண்ணோட, தோலில தடிப்போட வாற ஆக்கள், டொக்டரும் பார்த்த உடனே சந்தேகப்படுறார். அப்பிடி 1000 பேரில 200 பேருக்கு நோய் இருக்கெண்டு வையுங்க. 200ல 190 பேருக்குச் சரியா பொசிட்டிவ், மிச்சம் 800ல 40 பேருக்குப் பிழையா பொசிட்டிவ். 230ல 190, 83 வீதத்துக்குக் கிட்ட. அதே மருந்து, அதே மைக்ரோஸ்கோப், பார்க்கிற ஆளும் ஒராள்தான், ஆனா கர்ப்பிணி கிளினிக்கில 2 வீதமா இருந்த ரிப்போர்ட் இங்க 83 ஆகிட்டுது.

சரி, நல்ல ரத்தம் ஏன் பிழையா பொசிட்டிவ் காட்டுது? விடிஆர்எல் நோய்க்கிருமியைத் தேடுற டெஸ்ட் இல்ல. ரத்தத்தில இருந்து பிரிச்ச சீரத்தை 56 பாகையில அரை மணித்தியாலம் சூடாக்கி, கண்ணாடித் தட்டில ஒரு சொட்டு விட்டு, கார்டியோலிப்பின் எண்ட கொழுப்புப் பொருள் கலந்த மருந்துச் சொட்டு ஒண்டைச் சேர்த்து, சுத்துற மெசினில 4 நிமிஷம் சுத்த விட்டு மைக்ரோஸ்கோப்பில பார்ப்பாங்க. சின்னச் சின்னத் துணிக்கை ஒண்டோட ஒண்டு ஒட்டித் திரண்டு கிடந்தா ரியாக்டிவ், பரவிக் கிடந்தா இல்ல. கார்டியோலிப்பின் எங்கட உடம்புக் கலங்களிலயும் இருக்கிற சாமான். சிபிலிஸ் கலங்களைச் சேதமாக்கேக்க அதுக்கு எதிரா உடம்பு எதிர்ப்பொருள் செய்யும், ஆனா லூபஸ் மாதிரி நோய், மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல், ஏன் சிலருக்கு கர்ப்பமே கூட அதே எதிர்ப்பொருளைக் கொஞ்சம் கூட்டி விட்டிரும். திரண்டு கிடக்கிறது உண்மைதான், காரணம்தான் வேற.

இதால வாற முக்கியமான விஷயம், சந்தேகமா இருந்தா அதே டெஸ்டைத் திருப்பி எடுத்து வேலையில்ல. சொட்டு விட்டதில பிழை, சாம்பிள் மாறிப் போச்சு எண்டா திருப்பி எடுக்கேக்க திருந்தும். உடம்பில அந்த எதிர்ப்பொருள் உண்மையிலயே இருக்கெண்டா இரண்டாந்தரமும் அதேதான் வரும், சனம் "இரண்டு தரமும் வந்திட்டுது, இனி நிச்சயம்" எண்டு நினைக்கும், அது இன்னும் மோசம். அதனாலதான் ரியாக்டிவ் வந்த ஆக்களை பால்வினை நோய் கிளினிக்குக்கு அனுப்பி டிபிபிஏ எண்ட வேற வகை டெஸ்ட் செய்யுறாங்க, அது கிருமிக்கெண்டே வாற எதிர்ப்பொருளைப் பார்க்கும்.

அந்த இரண்டாவது டெஸ்டும் வெறும் 95தான் எண்டா என்ன நடக்கும்? மேசையில இருந்த 1018 பேரில நோய் உள்ள 19ல 18 பேருக்கும், நோய் இல்லாத 999ல 50 பேருக்கும் திருப்பியும் பொசிட்டிவ் வரும். 68 பேரில 18, இன்னும் நாலில ஒண்டுதான். உறுதிப்படுத்துற டெஸ்ட் நல்லவங்களைப் பிழையாப் பிடிக்கிறதில முதல் டெஸ்டை விட நல்ல இறுக்கமா இருக்கணும் எண்டது அதனாலதான். அதோட இரண்டு டெஸ்டையும் டொக்டர் கேக்கிற கேள்வியையும் சேர்த்துத்தான் முடிவு எடுப்பாங்க.

இதில ஒரு வேடிக்கையும் இருக்கு. தாயிட்ட இருந்து பிள்ளைக்கு சிபிலிசும் எச்ஐவியும் தொத்துறதை இலங்கை ஒழிச்சிட்டுது எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்தது. நல்ல விஷயம்தானே, ஆனா நோய் குறையக் குறைய அடிப்படை வீதம் இறங்கும், அப்ப வாற பொசிட்டிவ்களில பிழையானதிட பங்கு கூடும். டெஸ்டில ஒரு மாற்றமும் இல்ல, நாடு நல்லா வந்ததாலயே ரிப்போர்ட்டை நம்பக் கஷ்டமாகுது.

அதுக்காக ரியாக்டிவ் எண்டா சும்மா எண்டு கிழிச்சுப் போடவும் கூடாது, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுறன். ஆயிரத்தில ஒண்டா இருந்த வாய்ப்பு 54ல ஒண்டாகியிருக்கு, கிட்டத்தட்ட 19 மடங்கு கூடியிருக்கு. அந்த 19 பேரில ஒராளா இருந்து மருந்து எடுக்காம விட்டா வயித்தில இருக்கிற பிள்ளை இறந்தே பிறக்கக்கூடும், எடுத்தா பெனிசிலின் ஊசியோட சரி. மற்றப் பக்கம் பார்த்தா நெகட்டிவ் வந்த 18,982 பேரில பிழையா விட்டது ஒரே ஒராள், அதாவது இந்த டெஸ்ட் "இல்ல" எண்டு சொல்லேக்க தாராளமா நம்பலாம், "இருக்கு" எண்டு சொல்லேக்க மட்டும் இன்னும் கேள்வி மிச்சம். அப்பிடித்தான் அதைச் செய்து வச்சதே, ஒருத்தரும் தப்பக் கூடாது, பிழையாப் பிடிச்சவங்களைப் பிறகு பார்த்து விடலாம் எண்டு.

ரிப்போர்ட் கையில வந்தா ரியாக்டிவ் எண்டதுக்குப் பக்கத்தில 1:2, 1:4, 1:16 எண்டு ஒரு நம்பர் இருக்கா எண்டு பாருங்க. சீரத்தை எவ்வளவு ஐதாக்கியும் திரளுது எண்ட கணக்கு அது. பிழையான பொசிட்டிவ் பெரும்பாலும் 1:8க்குக் கீழதான் நிக்கும், ஆனா பழைய நோயும் எப்பவோ மருந்து எடுத்து முடிஞ்ச நோயும் கூட அப்பிடிக் குறைவாத்தான் காட்டும், அதனால அந்த நம்பரை மட்டும் வச்சு வீட்டில இருந்தே தீர்ப்புச் சொல்ல ஏலாது.

டிபிபிஏயிலயும் ஒரு குறை இருக்கு. ஒருக்கா நோய் வந்த ஆளுக்கு மருந்து எடுத்துச் சுகமாகினாலும் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் பொசிட்டிவ்தான், அதை வச்சு சுகமா இல்லையா எண்டு கேட்டா விடை கிடையாது. அப்ப டொக்டர் திருப்பி எடுக்கச் சொல்லுறது இவ்வளவு நேரம் திட்டு வாங்கின விடிஆர்எல்லைத்தான், ஊசி போட்டு மாதக்கணக்கில 1:32 இருந்தது 1:8க்கு இறங்கினா மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம்.